ஒரு ஏக்கருக்குக் கம்பி வேலி: தூண், முள்கம்பி, குழிக் கான்கிரீட் கணக்கு

சுற்றளவு 858 அடி, 10 அடிக்கு ஒரு தூண் என்றால் 86 தூண். வேலி போடுகிறவர்கள் களத்தில் நின்றபடியே சொல்லும் கணக்கு இதுதான். இதை நம்பி 86 தூண் இறக்கினால், கடைசி மூலைக்குப் போகும்போது 16 தூண் குறையும். சிமெண்டிலோ இதைவிடப் பெரிய பிழை நடக்கும். குழியை எந்த அகலத்தில் தோண்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து, அதே வேலிக்கு 30 மூட்டையும் ஆகலாம், 60 மூட்டையைத் தாண்டியும் போகலாம். ஆகவே தூணை எண்ணுவதோடு குழியையும் அளந்தால்தான் கணக்கு நிற்கும்.

இங்கே ஒரே ஒரு நிலத்தை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போட்டுப் பார்ப்போம். வேலிக் கோட்டின் அளவு 264 அடிக்கு 165 அடி, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். முன்பக்கம் 165 அடிப் பக்கத்தில், ஒரு மூலையிலிருந்து 20 அடி தள்ளி 12 அடி கேட். மண் செம்மண் சரளை. தூண் முன்வார்ப்பு சிமெண்ட் தூண், கம்பி 7 வரிசை முள்கம்பி. கருங்கல் தூண் மலிவாகக் கிடைக்கிற ஊர்க்காரர்கள் தூணின் கனத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், மற்றபடி இதே வழிதான்.

எல்லையைக் கண்டுபிடித்து, கோட்டை உள்ளே தள்ளுதல்

முதல் வேலை புல வரைபடம். எஃப்எம்பி என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அதில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் மீட்டரில் இருக்கும். களத்தில் அத்துக்கல்லைத் தேடிப் பிடித்து, கல்லுக்குக் கல் டேப் வைத்து அந்த அளவோடு ஒப்பிட வேண்டும். அரை அடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு சர்வேயரை வைத்து அளந்துகொள்வது நல்லது. அத்துக்கல்லைப் பிடுங்கி அதே குழியில் மூலைத்தூணை நட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தக் கல் அரசு அளவைக் குறி. அதை நகர்த்துவதும் அழிப்பதும் சர்வே எல்லைச் சட்டப்படி குற்றம். கல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

வீட்டு மனைக்கு மூலைமட்டம் பிடிக்கிற மாதிரி 3-4-5 கணக்குப் போட்டு மூலையை 90 டிகிரிக்குத் திருத்தக் கூடாது. வயல் எல்லை அநேகமாக எங்குமே சரியான செங்கோணமாக இருக்காது. திருத்தினால் ஒரு பக்கம் உங்கள் நிலம் போகும், மறுபக்கம் பக்கத்துக்காரர் வருவார். கல் எங்கே இருக்கிறதோ அதுதான் மூலை.

எல்லையிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளி வேலிக் கோட்டைப் பிடியுங்கள். தூண் 4 அங்குலம்தானே, எல்லையிலேயே நடலாமே என்று தோன்றும். ஆனால் மூலைத்தூணின் குழி 18 அங்குலம் அகலம். தூணின் நடுவிலிருந்து 9 அங்குலம் வெளியே கான்கிரீட் போகும். எல்லைக் கோட்டிலேயே நட்டால் உங்கள் கான்கிரீட் அடுத்தவர் நிலத்துக்குள் இருக்கும். ஓர் அடி தள்ளினால் சுற்றளவில் 8 அடிதான் குறையும்.

தூண் எண்ணிக்கை: சுற்றளவை வகுக்காதீர்கள், பக்கத்தை வகுங்கள்

மொத்தச் சுற்றளவை 10-ஆல் வகுத்தால், தூண் மூலையில் வந்து விழாது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு தூண் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதால், மூலைக்கு மூலை தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். பக்கத்தின் நீளத்தை 10-ஆல் வகுத்து, மிச்சம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். அது அந்தப் பக்கத்தில் எத்தனை இடைவெளி என்பதைச் சொல்லும். நீளத்தை அந்த எண்ணால் மறுபடி வகுத்தால் உண்மையான தூண் இடைவெளி கிடைக்கும்.

264 அடிப் பக்கம் 26.4 என்று வரும், அதை 27 ஆக்கினால் ஒவ்வொன்றும் 9 அடி 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பின்பக்கம் 165 அடி, 17 இடைவெளி, ஒவ்வொன்றும் 9 அடி 8½ அங்குலம். முன்பக்கத்தைக் கேட் இரண்டாக வெட்டுகிறது. 20 அடித் துண்டில் 2 இடைவெளி. கேட்டுக்கு அப்பால் மிச்சமுள்ள 133 அடியில் 14 இடைவெளி, ஒவ்வொன்றும் 9½ அடி.

கூட்டினால் 27 + 27 + 17 + 2 + 14 = 87. கேட்டின் திறப்பும் ஓர் இடைவெளிதான், ஆக 88. சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் வேலியில் இடைவெளி எத்தனையோ தூணும் அத்தனை. ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலி போட்டால்தான் இடைவெளியோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று கூட்டினால், மூலைத்தூண் இரண்டு தடவை எண்ணப்படும்.

இந்த 88-இல் 4 மூலைத்தூண், 2 கேட் தூண். நீளப் பக்கம் இரண்டிலும் நடுவில் ஒவ்வொரு இழுப்புத்தூண் வேண்டும். 264 அடியை ஒரே இழுப்பில் கையால் விறைப்பாக்க முடியாது. 14-ஆவது இடைவெளி முடியும் இடத்தில் அதை நடலாம். இந்த 8 தூணும் கம்பியின் முழு இழுப்பையும் தாங்குகிறவை, ஆகவே கனமானவையாக இருக்க வேண்டும்: 6 அங்குலத்துக்கு 6 அங்குலம், 8 அடி உயரம். மிச்சம் 80 தூண் கம்பியைத் தூக்கிப் பிடித்தால் மட்டும் போதும். அவற்றுக்கு 4-க்கு 4 அங்குலம், 7 அடி.

அடுத்தது முட்டு, அதாவது கம்பியின் இழுப்பில் தூண் சாயாமல் இருக்கச் சாய்வாக வைத்துத் தாங்கும் தூண். கணக்கில் விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான். மூலைத்தூணுக்கு இரண்டிரண்டு என்று 8, நடு இழுப்புத்தூணுக்கு இரண்டிரண்டு என்று 4, கேட் தூணுக்கு ஒவ்வொன்றாக 2. மொத்தம் 14. முட்டுக்கும் அதே 7 அடித் தூணையே போடலாம். ஆக 4 அங்குலத் தூண் 94 வேண்டும். கனத்த 8-ஐயும் சேர்த்தால் 102, முதலில் சொன்ன 86-ஐவிட 16 கூட. இறக்கும்போது இரண்டு மூன்று உடையும் என்பதால் 97 ஆகச் சொல்லிவிடலாம்.

10 அடிக்குப் பதில் 8 அடியில் நட்டால்? 20 தூண் கூடும், அதோடு 20 குழியும் கூடும். ஆடுமாடு அதிகம் முட்டும் தெருவோரப் பக்கத்துக்கு மட்டும் 8 அடி வைத்துவிட்டு மற்றப் பக்கங்களுக்கு 10 அடி வைப்பது பணத்துக்குச் சரியான பதில். 12 அடிக்குப் போனால் நடுவில் கம்பி இரண்டையும் கையால் விலக்கி ஆள் உள்ளே நுழைந்துவிடலாம்.

தூணை வாங்கும்போது

4 அங்குல 7 அடித் தூண் ஒன்று 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடை இருக்கும். 40 கிலோதான் இருக்கிறது என்றால் ஒன்று அளவு குறைவு, இல்லையென்றால் உள்ளே கான்கிரீட் பொக்கை. நான்கு மூலையிலும் கம்பி இருக்கிறதா என்று தூணின் முனையில் பார்க்கலாம். கம்பி வெளிமுகத்துக்கு மிக அருகில் வந்திருந்தால் சில மழைக்காலத்தில் துரு பிடித்து, தூண் நீளவாக்கில் வெடிக்கும். வார்த்துக் குறைந்தது மூன்று வாரம் ஆன தூணைத்தான் ஏற்ற வேண்டும். பச்சைத் தூணை லாரியில் அடுக்கினால் நடுவில் மயிரிழை விரிசல் விழும். அது நட்டபின் கண்ணுக்குத் தெரியாது, கம்பியை இழுக்கும்போது தெரியும். சந்தேகம் வந்தால் தூணில் தண்ணீரை ஊற்றி மேல்முகம் காயும்வரை பாருங்கள், விரிசல் இருக்கும் இடம் மட்டும் கடைசிவரை ஈரக் கோடாக நிற்கும்.

குழி: சிமெண்ட் போகிற இடம்

7 அடித் தூணில் 2 அடி மண்ணுக்குள், 5 அடி வெளியே. அடியில் 3 அங்குலம் கான்கிரீட் படுக்கை போடுவதால் குழியின் ஆழம் 27 அங்குலம். இதில் எல்லாரும் ஒத்துப்போவார்கள். அகலத்தில்தான் பிரச்சினை.

டிராக்டரில் மாட்டும் குழி போடும் மிஷினில் 12 அங்குலத் துளைப்பானைப் போட்டால் வட்டக் குழி வரும். அதன் கொள்ளளவிலிருந்து தூண் அடைக்கும் இடத்தைக் கழித்தால் ஒரு குழிக்கு 1.55 கன அடி கான்கிரீட். 80 குழிக்கு 124 கன அடி.

இதையே ஆள் வைத்துக் கடப்பாரையில் தோண்டினால், ஓர் அடி அகலக் குழிக்குள் 27 அங்குலம் ஆழத்துக்குக் கையை விட்டு மண் அள்ள முடியாது. அதனால் குழி தானாகவே ஒன்றரை அடிச் சதுரமாக விரியும். இப்போது ஒரு குழிக்கு 4.84 கன அடி. 80 குழிக்கு 387 கன அடி, மூன்று மடங்குக்கும் மேல். மூட்டையாகச் சொன்னால் 15 மூட்டை போதும் என்ற இடத்தில் 48 மூட்டை. மிஷின் வாடகை அதிகம் என்று ஆள் வைத்தவர்கள், மிச்சம் பிடித்த பணத்தை சிமெண்ட் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

9 அங்குலத் துளைப்பான் இன்னும் மிச்சம் பிடிக்குமே என்று கேட்கலாம். 4 அங்குலத் தூணின் மூலைவிட்டம் கிட்டத்தட்ட 5¾ அங்குலம். 9 அங்குலக் குழியில் தூணின் மூலைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் சொச்சம்தான் இருக்கும். முக்கால் ஜல்லி அதில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும், குத்தவும் முடியாது. தூணை நூலுக்கு நகர்த்தவும் இடம் இருக்காது. 12 அங்குலம்தான் சரி.

கனத்த தூண் 8-க்கும் கையால்தான் தோண்ட வேண்டும்: ஒன்றரை அடிச் சதுரம், மூன்றேகால் அடி ஆழம். தூண் 3 அடி உள்ளே போகும். தூணைக் கழித்து ஒன்றுக்கு 6.56 கன அடி, எட்டுக்கும் 52½ கன அடி. முட்டின் அடிக்குழி ஓர் அடிக்கு ஒன்றரை அடி, ஆழம் ஒன்றரை அடி. ஒன்றுக்கு 2.05 வீதம் பதினான்குக்கும் கிட்டத்தட்ட 29 கன அடி.

எல்லாம் சேர்ந்து 205 கன அடி.

கரிசல் மண்ணாக இருந்தால் இந்த ஆழம் போதாது. கரிசல் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். ஒவ்வொரு வருடமும் தூணைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கும். சாதாரணத் தூணையும் 3 அடி இறக்க வேண்டும். முக்கியமாக, குழியின் வாய் அடியைவிட அகலமாக இருக்கக் கூடாது. வாயில் கான்கிரீட் காளான் மாதிரி விரிந்திருந்தால், உப்பும் மண் அந்த விளிம்பைப் பிடித்துத் தூணையே தூக்கிவிடும்.

சிமெண்ட், மணல், ஜல்லி

சாதாரணத் தூணுக்கும் முட்டுக்கும் 1:3:6 கலவை போதும். கனத்த 8 தூணுக்கு 1:2:4. மண்ணுக்குள் இறுகிய கான்கிரீட் 100 கன அடி வேண்டுமென்றால், உதிரியாக அளக்கும்போது 154 கன அடி பொருள் வேண்டும். ஜல்லிக்கு நடுவே உள்ள சந்தில் மணலும், மணலின் சந்தில் சிமெண்டும் போய் அடைந்துகொள்வதால் இந்தக் குறைவு. 50 கிலோ மூட்டை 1¼ கன அடி என்று வைத்துக்கொண்டால், 1:3:6-இல் ஒரு மூட்டை சுமார் 8.1 கன அடி கான்கிரீட் தரும். 1:2:4-இல் 5.7 கன அடி.

இதிலிருந்து களத்துக்கு ஓர் எளிய கணக்கு வருகிறது. 12 அங்குல வட்டக் குழி என்றால் ஒரு மூட்டைக்கு ஐந்து குழி. வேலை நடக்கும்போது ஒரு மூட்டை மூன்று குழியிலேயே தீர்ந்துபோனால் குழி பெருத்துவிட்டது. ஏழு குழி நிரம்பினால் கலவையில் சிமெண்ட் குறைகிறது, அல்லது குழியின் அடியில் மண் சரிந்து ஆழம் போய்விட்டது. எது என்று அப்போதே பார்த்துவிடலாம்.

தூணும் முட்டும் சேர்ந்து 153 கன அடிக்கு 19 மூட்டை. கனத்த தூணுக்கு ஒன்பதேகால் மூட்டை. சிதறலையும் சேர்த்து 30 மூட்டை வாங்கலாம். எம்-சாண்ட் 94 கன அடி வருகிறது, ஒரு யூனிட். ஜல்லி 187 கன அடி, இரண்டு யூனிட். யூனிட் என்பது 100 கன அடி. ஜல்லி முக்கால் அங்குலமாகவே இருக்கட்டும். ஒன்றரை ஜல்லி மலிவுதான், ஆனால் தூணுக்கும் குழிச்சுவருக்கும் நடுவே உள்ள இடத்தில் அடைத்துக்கொண்டு பொக்கை விடும்.

பாண்டு சட்டியால் அளந்தால் ஆளுக்கு ஆள் அளவு மாறும், ஒருவர் குவித்து அள்ளுவார், ஒருவர் தட்டி அள்ளுவார். உள்ளளவு ஓர் அடிக்கு ஓர் அடி, 15 அங்குலம் உயரம் என்று ஒரு மரப்பெட்டி அடித்துக்கொண்டால் அது 1¼ கன அடி, அதாவது ஒரு மூட்டை. ஒரு மூட்டைக்கு மணல் மூன்று பெட்டி, ஜல்லி ஆறு பெட்டி. தண்ணீர் மூட்டைக்கு 34 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் அதையும் குறைக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மூட்டை மட்டும் கலக்குங்கள். ஐந்து குழியை நிரப்பி, தூணை நூலுக்குச் சரிபார்க்க அரை மணி நேரம் ஆகிவிடும், அதற்குமேல் கலவை காத்திருக்காது.

உலர்ந்த கலவையைக் குழியில் கொட்டி மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகும் முறையும் உண்டு. தண்ணீர் மேல் ஆறு அங்குலத்தோடு நின்றுவிடும். ஒரு வருடம் கழித்து அசையும் தூணைப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஜல்லி தனியாக, சிமெண்ட் தூள் தனியாக உதிரும்.

நடும் வரிசை

முதலில் கனத்த 8 தூணையும் நட்டு, முட்டுக்கும் கான்கிரீட் போட வேண்டும். பிறகு மூலைக்கு மூலை நூல் கட்டி மிச்சத் தூண்களை நடலாம். நூல் தூணின் நடுவில் ஓடக் கூடாது, வெளிமுகத்தை ஒட்டி ஓட வேண்டும். நடுவில் ஓடினால் தூணை நட நட நூல் தள்ளப்பட்டு, வேலி வயிறு தள்ளியதுபோல் வளைந்துவிடும். தூண் நூலிலிருந்து ஒரு நூலிழை தள்ளி நிற்பது நல்லது, தொட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

குழியின் இடத்தைக் குறிக்கும்போது 9 அடி 9 அங்குலக் குச்சியை 27 தடவை நகர்த்திக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு தடவையும் கால் அங்குலம் பிசகினாலும் கடைசியில் ஏழு அங்குலம் கொண்டுவந்து விடும். டேப்பை மூலையிலேயே மாட்டிவிட்டு, இரண்டாவது 19 அடி 6½, மூன்றாவது 29 அடி 4 என்று ஒரே புள்ளியிலிருந்து குறிக்க வேண்டும்.

குழியில் 3 அங்குலப் படுக்கை போட்டு, தூணை இறக்கி, அடுத்தடுத்த இரண்டு முகத்தில் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும் பார்த்தால் தூண் மறுபக்கம் சாய்ந்திருப்பது தெரியாது. பிறகு ஆறு ஆறு அங்குலமாகக் கலவையைப் போட்டுக் கம்பியால் குத்த வேண்டும். தூண் அசையாமல் இருக்கக் குழிக்குள் கல்லைச் செருகுவார்கள். பரவாயில்லை, ஆனால் கல் தூணோடும் மண்ணோடும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு நின்றால், அந்த இடத்தில் கான்கிரீட் இல்லை என்று பொருள். கலவை ஏறிக்கொண்டு வரும்போது கல்லை எடுத்துவிடுங்கள். மேல்வாயைத் தரைக்கு ஓர் அங்குலம் மேலே ஏற்றி, சுற்றிலும் சரிவாகத் தேய்த்துவிட்டால் மழைத் தண்ணீர் தூணின் காலில் நிற்காது. ஏழு நாள் ஈரச்சாக்கு.

முட்டு எந்தப் பக்கம்?

கம்பி மூலைத்தூணைத் தன் பக்கமாக இழுக்கும். அதனால் கம்பி ஓடும் அதே கோட்டில், கம்பி இழுக்கும் பக்கத்தில் நின்று முட்டு எதிர்த்துத் தள்ள வேண்டும். மூலையில் இரண்டு பக்கமும் இழுப்பு, ஆகவே இரண்டு முட்டு. இதை மிச்சம் பிடிக்க நிலத்துக்குள் குறுக்காக, மூலையைப் பாதியாக வெட்டுவதுபோல் ஒரே ஒரு முட்டு வைப்பதுண்டு. இரண்டு பக்கக் கம்பியும் ஏறியபின் அது தாங்கும். ஆனால் முதல் பக்கத்தை இழுக்கும்போது தூண் பக்கவாட்டில் திரும்பிவிடும், அந்தத் திருப்பத்தை எடுக்க வழியில்லை. போதாததற்கு, உழும்போது கலப்பை அதில் மாட்டும்.

முட்டின் தலை தரையிலிருந்து 4 அடி உயரத்தில் தூணைத் தொட, கால் தூணிலிருந்து 4 அடி தள்ளி மண்ணில் இறங்கினால் 45 டிகிரி சாய்வு வரும். 7 அடித் தூணில் சுமார் 5 அடி 8 அங்குலம் வெளியே, மிச்சம் கான்கிரீட்டுக்குள். தலை நழுவாமல் இருக்கக் கனத்த தூணை வார்க்கும்போதே அந்த உயரத்தில் ஒரு பொளி விடச் சொல்லிவிடுவது நல்லது. முட்டு தள்ளும்போது மூலைத்தூணை மேலேயும் தூக்கப் பார்க்கும். மூலைக்குழிக்கு 3 அடி ஆழமும் அவ்வளவு கான்கிரீட்டும் கொடுப்பது அந்தத் தூக்கலை எடை போட்டு அமுக்கத்தான்.

முள்கம்பி

கம்பி எடையில் விற்கப்படுகிறது, நமக்கு வேண்டியது நீளம். 2.5 மில்லிமீட்டர் இழை இரண்டு முறுக்கிய முள்கம்பி 100 மீட்டருக்கு சுமார் 9.4 கிலோ வரும், அதாவது ஒரு கிலோவுக்கு 35 அடி. கடையில் 12 கேஜ் என்று கேட்பது கிட்டத்தட்ட இதைத்தான். ஒரு கிலோவுக்கு 45 அடி வரும் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் கம்பி மெல்லியது. 35 அடியை வெட்டித் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள்.

கேட்டைக் கழித்து வேலி நீளம் 846 அடி. 7 வரிசைக்கு 5,922 அடி, அதாவது 1,805 மீட்டர். வேலி 7 தனித்தனி இழுப்பாகப் பிரிகிறது: நீளப் பக்கங்களில் இரண்டிரண்டு, பின்பக்கம் ஒன்று, முன்பக்கம் இரண்டு. 7 வரிசைக்கு 49 துண்டு. ஒவ்வொரு துண்டிலும் இரு முனையும் தூணைச் சுற்றி முறுக்க ஒன்றரை மீட்டர் போகும், அது 74 மீட்டர். மொத்தம் 1,879 மீட்டர், 177 கிலோ. 180 கிலோ வாங்கலாம்.

வரிசைகளைச் சம இடைவெளியில் கட்டுவது பார்க்க அழகு, ஆனால் ஆடு கீழே நுழையும். தரையிலிருந்து 5, 11, 18, 27, 37, 48, 57 அங்குலம் என்று கீழே நெருக்கமாகவும் மேலே அகலமாகவும் வையுங்கள். துளை விட்ட தூண் வாங்கினால் இந்த அளவை முன்பே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு இடைவெளியிலும் பெருக்கல் குறிபோல் குறுக்குக் கம்பி கட்டினால் இன்னும் 53 கிலோ ஆகும். அந்தப் பணத்துக்கு எட்டாவது, ஒன்பதாவது வரிசை கட்டுவது மேல்.

கம்பியைத் தூணில் கட்டக் கறுப்புக் கட்டுக்கம்பி வேண்டாம், இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து அறுந்துவிடும். 16 கேஜ் ஜிஐ கம்பி வாங்குங்கள். 80 தூணுக்கு 560 கட்டு, கட்டுக்கு 22 அங்குலம், மொத்தம் 5 கிலோ.

இழுப்பது கடைசித் தூணுக்குக் கான்கிரீட் போட்டு ஏழு நாளாவது ஆனபிறகுதான், மூலைக்குப் பத்து நாள் கொடுத்தால் நல்லது. சுருளின் நடுவே குழாயைச் செருகி இருவர் பிடித்துக்கொண்டு நடந்து விரிக்க வேண்டும். சுருளைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் உருவினால் கம்பியில் முடிச்சு விழும், இழுக்கும்போது அந்த இடத்தில்தான் அறும். மூலையின் ஒரு பக்கத்தில் ஒரு வரிசை, உடனே மறுபக்கத்தில் அதே வரிசை என்று மாற்றி மாற்றி ஏற்றுங்கள். ஒரு பக்கத்தில் ஏழையும் ஏற்றிவிட்டு மறுபக்கம் போனால் மூலைத்தூண் அதற்குள் சாய்ந்திருக்கும், மறுபக்கம் இழுக்கும்போது முதல் பக்கம் தொளதொளக்கும். ராட்செட் போட்டுக் கையால் இழுத்தால் போதும். டிராக்டரில் கட்டி இழுத்தால் விறைப்பு எவ்வளவு என்று தெரியாது. கம்பி அறுந்தால் சாட்டைபோலத் திரும்பி வரும், எதிரே நிற்பவரின் கண்ணும் முகமும் போகும். கனத்த கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

சாதாரணத் தூண்களில் கட்டு போடுவது இழுத்து முடித்தபிறகு. முன்பே கட்டிவிட்டால் இழுப்பு முதல் மூன்று நான்கு தூணோடு நின்றுவிடும், அந்தத் தூண்களும் சாயும். மாடு எந்தப் பக்கத்திலிருந்து முட்டுமோ அந்த முகத்தில் கம்பி இருக்க வேண்டும். அப்போது முட்டும் விசை தூணில் போய்ச் சேரும். எதிர்முகத்தில் இருந்தால் அந்த விசை முழுவதும் கட்டுக்கம்பியில்தான் விழும்.

கேட் தூண் சொல்லும் செய்தி

கேட் தூணை ஒரு பக்கம் வேலிக்கம்பி இழுக்கும், இன்னொரு பக்கம் கதவின் பாரம் திறப்பை நோக்கி இழுக்கும். அதனால் கம்பி ஏற்றியபிறகே கதவை மாட்டி, கொண்டி பொருந்தும் இடத்தைக் குறிக்க வேண்டும். மாட்டிய சில மாதத்தில் கொண்டி எட்டாமல் இடைவெளி விழுந்தால், தூண் வேலிப் பக்கம் சாய்கிறது, முட்டின் கால் மண்ணில் நகர்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டு கதவும் நடுவில் உரசினால் தூண் திறப்புப் பக்கம் சாய்கிறது, குழியின் ஆழம் போதவில்லை. முதல் வகைக்கு முட்டின் காலுக்குப் பின்னால் தோண்டி இன்னொரு மூட்டை கான்கிரீட் போட்டால் சரியாகும். இரண்டாவதற்குக் கதவைக் கழற்றிவிட்டுத் தூணை மறுபடி நடுவதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் பெருமழைக்குப் பிறகு ஒருமுறை வேலியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு இழுப்பின் நடுவிலும் மூன்றாவது கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இறங்கினால் அந்த இழுப்பின் முனையில் மட்டும் முறுக்கைப் பிரித்து மறுபடி ராட்செட் போட வேண்டும். அதற்காகத்தான் 180 கிலோவில் மிஞ்சிய மூன்று கிலோ.